வலியவன் வகுத்த விதிகள்

பள்ளியில் பட்ட கொடுமையை வளர்ந்தபின் எழுத உட்காருபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. அடி வாங்கியது சிறுவன், எழுதுவது பெரியவர். இருவரும் ஒரே சம்பவத்தைப் பார்த்தாலும் அதற்கு அவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றல்ல. இதை நான் அறிந்தவரையில் மிகத் தெளிவாகக் காட்டியவர் ஜார்ஜ் ஆர்வெல்.

பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஆர்வெலின் இயற்பெயர் எரிக் பிளேர். எட்டு வயதில், 1911இல், இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் இருந்த செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளியில் அவருக்குக் கட்டணச் சலுகை. அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிப் பின்னாளில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது.

உடைமாற்றும் அறையில், உடல் வலுவும் ஆசிரியர்களின் செல்லமும் கொண்ட ஒரு மாணவன் அவரை வம்புக்கு இழுக்கிறான். எரிக் எதிர்த்துப் பேச, அவன் மணிக்கட்டைப் பிடித்து வலிக்க வலிக்க முறுக்குகிறான். இன்னும் சற்று நேரத்தில் ஆசிரியர் வந்துவிடுவார், அதற்குமேல் சண்டை நடக்காது என்பது எரிக்குக்குத் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்திருந்து, ஒன்றும் அறியாதவர்போல் அருகில் போய், முழு பலத்தோடு அவன் முகத்தில் குத்துகிறார். அவன் வாயில் ரத்தம். அதன்பின் பல நாட்கள், 'சண்டைக்கு வா' என்று அவன் துரத்துகிறான். எரிக் மறுத்துக்கொண்டே இருக்கிறார். மெல்ல விஷயம் அடங்கிவிடுகிறது.

பெரியவரின் கண்ணுக்கு இது வெற்றி. தன்னைவிட வலியவனைத் திருப்பி அடித்தாயிற்று; அவனும் மறுபடி அடிக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவனுக்கு இது அவமானம். எதிர்பாராத நேரத்தில் அடித்தது தவறு. தோற்போம் என்று தெரிந்து சண்டையை மறுத்தது அதைவிடப் பெரிய கோழைத்தனம். பள்ளி சொல்லிக்கொடுத்த நியாயம் இதுதான். அதை அவர் முழுமையாக நம்பினார்.

அந்த நியாயத்தை வகுத்தவர்கள் வலியவர்கள் என்பது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தே அவருக்கு உறைத்தது. நேருக்கு நேர் மோது என்பது, மோதினால் ஜெயிப்பவனுக்கு வசதியான விதி. அதை மீறாவிட்டால் எளியவனுக்கு அழிவுதான். எளியவர்கள் தங்களுக்கென வேறு விதிகளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை என்கிறார் ஆர்வெல். முறுக்கிய கையின் வலி சில நாட்களில் தீர்ந்திருக்கும். தன்னைத் தானே குற்றவாளி என்று நம்பியதுதான் நெடுங்காலம் நீடித்தது. பள்ளிக் கொடுமையின் ஆழமான காயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அந்தச் சிறுவன் ஏன் வீட்டுக்கு எழுதவில்லை? பள்ளியிலிருந்து அவர் தாய்க்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. விளையாட்டு, வகுப்பில் பெற்ற இடம் என்று அவை சாதாரணமாகவே இருக்கின்றன. துன்பப்படுகிறேன் என்று எழுதினால், யாருக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். எந்தச் சிறுவனும் அதைச் செய்யமாட்டான் என்று கட்டுரையே விளக்குகிறது. பழைய கடிதங்களில் புகார் இல்லை என்பதால் துன்பமே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஆனாலும் நினைவுக்கு எல்லை உண்டு. அதே பள்ளியில் உடன் படித்த சிரில் கானலி, 1938இல் வெளியான தன் நூலில் அந்தப் பள்ளியை விமர்சித்தாலும் அது தனக்கு நன்மை செய்ததாகவும் எழுதினார். விடுமுறை நாட்களில் ஆர்வெலோடு விளையாடிய தோழியோ, தான் அறிந்த எரிக் மகிழ்ச்சியான பையன் என்று பிற்காலத்தில் சாட்சி சொன்னார். ஆர்வெலும் தன் கட்டுரையிலேயே, மிகைப்படுத்தலும் தன்னிரக்கமும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கிறார். அவதூறு வழக்குக்கு இடம்தரும் என்று அவரே கருதிய அந்தக் கட்டுரை, 1950இல் அவர் இறந்தபின், 1952இல் அமெரிக்காவில் பெயர்கள் மாற்றப்பட்டு வெளியானது. இங்கிலாந்தில் அச்சேற 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த முரண்பாடுகள் அந்தச் சம்பவத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. பள்ளி எப்படி இருந்தது என்பதற்குப் பல சாட்சிகள் இருக்கலாம். அந்த அறையில் அந்தச் சிறுவன் தன்னைப் பற்றி என்ன நினைத்தான் என்பதற்குச் சாட்சி ஒருவர்தான். எனவே இப்படி எழுதுபவர்கள், 'அன்று என்னைப் பற்றி நான் என்ன முடிவுக்கு வந்தேன்' என்பதை முதலில் அப்படியே எழுதிவிட வேண்டும். இன்றைய அறிவைக் கொண்டு அதைத் திருத்தக்கூடாது. அதன்பிறகு, அந்த முடிவை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார், அதனால் பயனடைந்தது யார் என்று கேட்க வேண்டும். சிறுவனின் அவமானத்தை மறைத்துவிட்டு அடித்தவனை மட்டும் குற்றம்சாட்டினால், அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போகும்.