நின்ற இடத்தையும் எழுத வேண்டும்

வெண்டை விதை பத்தை ஈரத்துணியில் முடிந்துவைத்தேன், ஏழு முளைத்தன. அப்படியானால் மூட்டையிலுள்ள விதையின் முளைப்புத் திறன் 0.7 என்று சொல்லிவிடலாமா? திறன் 0.6 ஆக இருந்தாலும், 0.8 ஆக இருந்தாலும் பத்தில் ஏழு முளைக்கக்கூடும். எந்த மதிப்பை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் வளைகோடுதான் போஸ்டீரியர். சோதனைக்கு முன் எல்லா மதிப்பையும் சமமாகக் கருதினால், அதன் உயரம் p⁷(1−p)³ என்ற கணக்கில் ஏறி இறங்கும்.

உயரம் நிகழ்தகவாக மாற, கோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். பல கணக்குகளில் அந்தப் பரப்பு பிடிபடாது. 1953இல் மெட்ரோபோலிஸ், ரோசன்புளூத் தம்பதி, டெல்லர் தம்பதி ஆகிய ஐவரும் மூலக்கூறுகளை ஆராய்வதற்காக வெளியிட்ட முறைக்கு அது தேவையே இல்லை. இரண்டு உயரங்களின் விகிதம் போதும்; வகுத்தால் பரப்பு அடிபட்டுப் போகும்.

0.5இல் தொடங்குவோம். இருபுறமும் 0.3க்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாவல். விழுந்த இடம் 0.6. அங்கே உயரம் 1.83 மடங்கு. மேட்டுக்கு ஏறினால் யோசிக்காமல் ஏற்க வேண்டும். அடுத்த தாவல் 0.4. விகிதம் 0.2தான். இப்போது 0க்கும் 1க்கும் இடையில் ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்கிறோம். 0.63 வருகிறது; 0.2ஐவிடப் பெரிது, ஆகவே மறுப்பு. 0.6இலேயே நின்று, 0.6ஐ மறுபடி எழுதுகிறோம். அடுத்தது 0.8, விகிதம் 0.94. குலுக்கலில் 0.31, ஏற்கிறோம். நோட்டில் இப்போது 0.5, 0.6, 0.6, 0.8. பிறகு 1.05இல் விழுந்தால், அங்கே உயரம் பூஜ்யம், மறுத்துவிட்டு 0.8ஐத் திரும்ப எழுத வேண்டும்.

பள்ளத்துக்கு ஏன் சில நேரம் இறங்க வேண்டும்? இறங்காவிட்டால் உச்சிதான் கிடைக்கும், மலையின் வடிவம் கிடைக்காது. 0.6இன் உயரம் 0.4ஐப்போல் ஐந்து மடங்கு. 0.4இலிருந்து 0.6க்கு வரும் தாவல் ஒவ்வொன்றும் ஏற்கப்படுகிறது. எதிர்த்திசையில் ஐந்தில் ஒன்றுதான். ஐந்து மடங்கு நேரம் 0.6இல் இருந்தால்தான் போக்கும் வரவும் சரியாகும். அந்த நேரத்தைப் பதிவு செய்வதே மறுப்பின்போது திரும்ப எழுதும் எண். அதை வீண் என்று விட்டுவிடுவதுதான் புதிதாகச் செய்பவர்களின் பெரிய பிழை. உச்சியருகே மறுப்பு அதிகம் என்பதால், அங்கேயே எண்ணிக்கை குறைந்து கோடு அகன்றுவிடும்.

தாவலின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 0.01க்குள் தாவினால் அநேகமாக எல்லாமே ஏற்கப்படும். ஆனால் எண்கள் ஆமைபோல் நகரும். மிக நீளமாகத் தாவினால் ஒரே எண் வரிசையாக நிற்கும். எண்களை வரைபடமாகப் போட்டால் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். நம் விதைக்கணக்கில் விடை முன்பே தெரியும்: சராசரி 8/12, அதாவது 0.667. பத்தாயிரம் எண்கள் எழுதியும் சராசரி அதற்கு அருகில் வராவிட்டால், முதலில் மறுப்புகளை எழுதினோமா என்று பாருங்கள்.