இயர்போன் கழன்ற அந்த நொடியில்

ஆஸ்பத்திரியில் டோக்கனுக்காகக் காத்திருக்கும் ஒருவர் போனை சைலண்டில் போட்டுவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு கேம் ஆடுகிறார். பெயரைக் கூப்பிட்டதும் அவசரமாக எழுகிறார். நாற்காலிக் கையில் ஒயர் சிக்கி பிளக் கழன்றுவிடுகிறது. உடனே கேமின் மேளதாளம் ஹால் முழுக்கக் கேட்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சைலண்டில்தானே இருந்தது என்று அவர் திகைக்கிறார்.

அவர்மேல் தவறில்லை. ஆண்ட்ராய்டு போனில் சைலண்ட் என்பது ரிங்டோனுக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும்தான். பாட்டு, வீடியோ, கேம் ஆகியவற்றின் ஒலியளவு தனிக் கணக்கு. அதை சைலண்ட் தொடுவதில்லை. அந்தக் கணக்கையும் போன் இயர்போனுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று பிரித்தே வைத்திருக்கிறது. முந்தின இரவு வீட்டில் ஸ்பீக்கரில் சினிமா பார்க்க ஒலியை உச்சத்தில் வைத்திருந்தால், பிளக் கழன்றதும் கேம் அந்த உச்சத்திலேயே ஒலிக்கும். இயர்போனில் எவ்வளவு மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது இங்கே உதவாது.

ஐபோனில் இது கேமை எழுதியவர் கையில் இருக்கிறது. தன் ஒலி எந்த வகை என்பதை கேம் போனுக்குச் சொல்ல வேண்டும். `ambient` என்று சொன்னால் சைலண்டுக்குக் கட்டுப்படும். ஆடுபவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டையும் நிறுத்தாது. `playback` என்று சொன்னால் சைலண்டிலும் ஒலிக்கும். இரண்டாவது வகை பாட்டு, வீடியோ ஆப்களுக்கானது. சாதாரண கேம் அதை எடுத்துக்கொள்வது ஆடுபவருக்குச் செய்கிற அநியாயம்.

ஒயர் கழன்ற கதைக்கு வருவோம். ஒலி ஸ்பீக்கருக்கு மாறப்போகிறது என்று ஆண்ட்ராய்டு எல்லா ஆப்களுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்புகிறது. அதன் பெயர் `ACTION_AUDIO_BECOMING_NOISY`. புளூடூத் இயர்போனின் இணைப்பு அறுந்தாலும் இதே அறிவிப்புதான் வரும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்குக் காதுகொடுத்து, வந்தவுடன் அடங்கிவிட்டால் ஆஸ்பத்திரி ஹாலில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஐபோனிலும் பழைய கருவி போய்விட்டது என்று தகவல் வரும்.

எதை அடக்குவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பின்னணி இசை நீளமான ஒரே கோப்பு. அதை ஒரு பிளேயர் ஓட்டுகிறது. காசு விழும் சத்தம், வெடிச்சத்தம் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். அவற்றை வேறொரு பகுதி இயக்குகிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அது `SoundPool`. அறிவிப்பு வந்ததும் இசையை மட்டும் நிறுத்தினால், எதிரி சுடும் சத்தம் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருக்கும். சரி, அந்தத் துண்டுகளையும் நிறுத்திவிடுகிறோம் என்று `autoPause()` போட்டால், அப்போது ஒலித்துக்கொண்டிருப்பவை மட்டும்தான் நிற்கும். ஆட்டம் ஓடுகிறதே, அடுத்த காசு விழும்போது புதுச் சத்தம் பிறக்கும். அதனால் ஆட்டத்தையே நிறுத்தி பாஸ் திரையைக் காட்டுவதுதான் சரி என்பேன். ஒயரைத் தேடுகிற நேரத்தில் ஆட்டம் ஓடி ஒரு உயிர் போவதும் இதனால் தப்பும்.

எல்லோருடனும் நேரலையில் மோதும் கேமில் பாஸ் போட முடியாது. அங்கே இசை, சத்தம் இரண்டின் அளவையும் கேமுக்குள்ளேயே பூஜ்யமாக்கி, திரையில் கோடு போட்ட ஸ்பீக்கர் படத்தைக் காட்டலாம். போனின் மொத்த ஒலியளவில் கை வைக்கக் கூடாது. கேமை மூடியபின் பாட்டு கேட்கப் போகிறவருக்கு ஒன்றுமே கேட்காமல் போய்விடும்.

ஆண்ட்ராய்டில் சைலண்டை மதிக்க வேண்டுமானால் கேம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடங்கும்போதும், வேறு ஆப்பிலிருந்து திரும்பும்போதும் `getRingerMode()` சொல்லிவிடும். சைலண்ட் அல்லது வைப்ரேட்டில் இருந்து இயர்போனும் மாட்டவில்லை என்றால் ஒலியில்லாமல் தொடங்கட்டும். வேண்டியவர் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு ஒலியை வரவழைத்துக்கொள்ளலாம். இயர்போன் மாட்டியிருந்தால் தாராளமாக ஒலிக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு கூடாது என்றுதானே அவர் சைலண்டில் போட்டார்.

உங்கள் போனில் இருக்கும் கேமை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டிவிட்டு, இயர்போனை மாட்டி, ஆட்டம் சூடாக இருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். இசை நின்று வெடிச்சத்தம் மட்டும் வந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பிறகு பிளக்கை மறுபடி செருகுங்கள். ஆட்டம் தானாக ஓடத் தொடங்கினால் அதுவும் பிழைதான். இயர்போன் இன்னும் காதுக்குப் போயிருக்காது. ஆடுபவர் திரையைத் தொடும்வரை கேம் காத்திருக்க வேண்டும்.