டிக் போதாது, எண் வேண்டும்

தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருபவர் கையில் முதலில் வருவது செக்லிஸ்ட் தாள். 'பேரிங் சூடு' என்ற வரிக்கு நேரே பலரும் ஒரு டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த டிக்கால் யாருக்கும் பயனில்லை.

தண்ணீர் பம்பை ஓட்டும் 15 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்ததில் பேரிங் சூடு 56, 58, 63, 70 டிகிரி. 70 என்பது தனியாகப் பார்த்தால் பயப்படும் அளவல்ல. ஏறிக்கொண்டே போவதுதான் கவலை. அறையின் வெப்பத்தையும் பக்கத்தில் எழுதியிருந்தால், வெயிலால் ஏறியதா என்பது உடனே தெரிந்துவிடும். மோட்டார் இழுக்கும் ஆம்பியர் மாறாமல் இருந்தால், சுமை கூடவில்லை. சந்தேகம் பேரிங் மீதும் கிரீஸ் மீதும் திரும்புகிறது.

உடனே கிரீஸ் அடிப்பதும் தவறாகலாம். கிரீஸ் அதிகமானாலும் பேரிங் சூடாகும். அதனால் கடைசியாக எப்போது, எந்த கிரீஸ், எத்தனை கிராம் போட்டார்கள் என்று லாக்புக்கைப் புரட்ட வேண்டும். போட்ட பிறகு சூடு சிறிது ஏறி, சில மணி நேரத்தில் இறங்குவது இயல்பு. இறங்காமல் கரகர சத்தமும் சேர்ந்தால், பேரிங்கை மாற்றத் திட்டமிட வேண்டும்.

'மோட்டார் சரிசெய்யப்பட்டது' என்று லாக்புக்கில் எழுதாதீர்கள். தேதி, மோட்டார் எண், கண்ட அறிகுறி, மாற்றிய பேரிங்கின் எண், மாற்றியபின் எடுத்த சூடும் ஆம்பியரும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.