ஒரே 1 கோடி கவர், பிரீமியத்தில் மட்டும் ஏன் இவ்வளவு இடைவெளி?

ஆபீஸ்ல ஒரு ஜூனியர் ரெண்டு கொட்டேஷனை என் முன்னாடி வெச்சான். ரெண்டும் 20 வருஷம், ரெண்டும் 1 கோடி கவர். டெர்ம் பாலிசிக்கு வருஷம் சுமார் 12,000 ரூபாய். எண்டோமென்ட்டுக்குக் கிட்டத்தட்ட 5 லட்சம். "இதுல எது அண்ணா ஏமாத்து வேலை?"ன்னு கேட்டான். ரெண்டுமே இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தா அந்த இடைவெளி எங்கிருந்து வருதுன்னு தெரியும்.

இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் அடிப்படையா வெச்சுக்கிறது 2012-14 இறப்பு அட்டவணை. அதுப்படி 30 வயசுக்காரர்கள் 1000 பேர்ல, ஒரு வருஷத்துக்குள்ள இறக்கிறவர் ஏறத்தாழ ஒருத்தர். அந்த ஒருத்தர் குடும்பத்துக்கு 1 கோடி கொடுக்கணும்னா, 1000 பேரும் ஆளுக்கு 10,000 போட்டா போதும். மத்த 999 பேருக்கு எதுவும் திரும்ப வராது. டெர்ம் இன்ஷூரன்ஸ் அவ்வளவுதான்.

வயசு ஏற ஏற அந்த ஒருத்தர் ரெண்டு பேராவார், 50 வயசுல நாலு பேருக்கு மேல ஆவார். ஆனாலும் 30ல் இருந்து 50 வரைக்கும் மொத்தமா எண்ணினா, 1000 பேர்ல இறக்கிறவங்க 40 பேருக்கும் கொஞ்சம் குறைவு. பிரீமியத்தை இந்த 20 வருஷத்துக்கும் சமமாப் பரப்பி, வட்டியையும் கம்பெனி செலவையும் சேர்த்தா, ஜூனியர் கையில இருந்த மாதிரி ஒரு தொகை வரும்.

இப்போ அதே 1000 பேர் எண்டோமென்ட் எடுக்கிறாங்கன்னு வெச்சுக்கலாம். இறந்தவங்களுக்கும் 1 கோடி, 20 வருஷம் முடிஞ்சு உயிரோட இருக்கிற 960 சொச்சம் பேருக்கும் 1 கோடி. அங்கே 40 செக், இங்கே 1000 செக். பிரீமியம் பல மடங்கு ஆகாம என்ன செய்யும்?

20 வருஷத்துல 1 கோடி சேர்க்க, 5% வட்டின்னா வருஷம் 2.88 லட்சம் போடணும். அதுக்கு மேல போனஸும் எதிர்பார்க்கிறோம். அந்த போனஸ் வானத்திலிருந்து வராது, கூடுதலா வாங்கின பிரீமியத்தை முதலீடு செஞ்சுதான் வரும். ஏஜென்ட் கமிஷனும் பிரீமியத்துல இவ்வளவு சதவீதம்னுதான் கணக்கு. எந்த பாலிசியை உங்களுக்கு முதல்ல எடுத்துக் காட்டுவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம், எண்டோமென்ட்டில் காப்பீடு வருஷா வருஷம் சுருங்கிட்டே வருது. போனஸை விட்டுட்டு அந்த 2.88 லட்சத்தை மட்டும் பாருங்க. 15 வருஷம் முடியும்போது அது 65 லட்சமாகியிருக்கும். அப்போ பாலிசிதாரர் இறந்தா குடும்பத்துக்கு 1 கோடி வரும், சரி. ஆனா அதுல 65 லட்சம் அவரே சேர்த்தது. கம்பெனி தன் பக்கத்திலிருந்து போடுறது 35 லட்சம்தான். டெர்ம்ல கடைசி வருஷம் வரைக்கும் முழு 1 கோடியும் கம்பெனி ரிஸ்க்.

நிஜத்துல யாரும் வருஷம் 5 லட்சம் கட்டப் போறதில்லை, கையில இருக்கிறது 50,000னு வைங்க. அதுக்கு எண்டோமென்ட்டில் சுமார் 10 லட்சம் கவர் கிடைக்கும். மாசம் 60,000 செலவாகிற வீட்டுக்கு அது ஒன்றரை வருஷம்கூட வராது. ரெண்டு சின்னக் குழந்தைகளும் ஹோம் லோனும் இருக்கிற வீட்டை நினைச்சுப் பாருங்க.

அதே 50,000ல 12,000க்கு 1 கோடி டெர்ம் எடுத்து, மீதி 38,000ஐப் பிபிஎஃப்ல போட்டா? 7.1% வட்டி அப்படியே நீடிச்சா 20 வருஷத்துல சுமார் 17 லட்சம். எண்டோமென்ட்டில் ஆயிரத்துக்கு 45 ரூபாய் போனஸ் வருஷா வருஷம் வந்தா 19 லட்சம், ஆனா அந்த போனஸுக்கு உத்தரவாதம் கிடையாது. ஆக, இந்தக் கணக்குல உயிரோட இருந்தா எண்டோமென்ட் கொஞ்சம் கூடவே தருது. "டெர்ம் எடுத்தா எல்லாத்துலயும் லாபம்"னு வர்ற ரீல்ஸ் இதைச் சொல்லாது. நடுவுல இறந்தா ஒரு வீட்டுக்கு 10 லட்சமும் போனஸும், இன்னொரு வீட்டுக்கு 1 கோடியும் பிபிஎஃப் பணமும். நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன்.

டெர்ம்லயும் ஒரு இடத்துல உஷாரா இருக்கணும். 60 வயசு வரைக்கும் போதும்ங்கிறவர் 85 வரைக்கும் நீட்டினா பிரீமியம் எகிறும். காரணம் அதே கணக்குதான். 85க்குள்ள கணிசமான பேர் இறந்துடுவாங்க, செக் எண்ணிக்கை கூடும். உங்க சம்பளத்தை நம்பி யாரும் இல்லாத வயசுக்கு எதுக்கு அந்தக் காசு?

எண்டோமென்ட்டைப் பாதியில விடறதும் அடிதான். 2024 அக்டோபர்ல வந்த விதிப்படி முதல் வருஷ பிரீமியம் முழுசாக் கட்டியிருந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு. ஆனா ஆரம்ப வருஷங்கள்ல அது கட்டின தொகையை விடக் குறைவு.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பெனிஃபிட் இலஸ்ட்ரேஷனைக் கேட்டு வாங்குங்க. போனஸ் தர்ற பாலிசின்னா அதுல 4%, 8%னு ரெண்டு விதமாக் கணக்குப் போட்டிருப்பாங்க. அந்த விகிதம் உங்களுக்குக் கிடைக்கப் போற வட்டி இல்லை, கம்பெனியோட முதலீட்டுக்கு வைக்கிற அனுமானம். முதல் வருஷ இறப்புப் பலனை வருஷ பிரீமியத்தால வகுத்துப் பாருங்க. ஜூனியர் கொண்டுவந்த ரெண்டுல ஒண்ணுக்கு 20 வந்தது, இன்னொண்ணுக்கு 800க்கு மேல.