கையெழுத்து உண்டு, கட்டுப்பாடு இல்லை

கோவை கணபதியில் பம்ப்செட் செய்யும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிங்காநல்லூரில் இன்னொரு சிறு நிறுவனம், செல்போனிலிருந்தே மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றால் என்ன என்று இரு முதலாளிகளும் பேசுகிறார்கள். "மாசம் ஐந்நூறு செட் போகுங்க அண்ணா" என்கிறார் சின்னவர். "போகட்டும் தம்பி, முதல்ல ஒரு எம்.ஓ.யு. போட்டுக்குவோம்" என்கிறார் பெரியவர். நிறுவனங்கள் கற்பனைதான். ஆனால் இந்தப் பேச்சு ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் நடக்கிறது.

எம்.ஓ.யு. என்ற புரிந்துணர்வுக் குறிப்பைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. வெறும் எம்.ஓ.யு.தானே, அது யாரையும் கட்டாது என்பது ஒன்று. முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் எல்லாமே கட்டும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 தலைப்பைப் பார்ப்பதில்லை. சட்டப்படி கட்டுப்படும் எண்ணத்தோடு ஒருவர் கேட்டு மற்றவர் ஒப்புக்கொண்டாரா, கைமாறு உண்டா, ஒப்புக்கொண்டது தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். மின்னஞ்சல்களில் பேசி முடித்த சரக்கு வியாபாரம், முறையான பத்திரம் கையெழுத்தாகாவிட்டாலும் ஒப்பந்தமே என்று டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ஆகவே எது கட்டும், எது கட்டாது என்பதை எழுதுகிறவர்களே முடிவு செய்து வரி வரியாகச் சொல்லிவிட வேண்டும்.

எப்படி முடிவு செய்வது? "இதில் நாம் எவ்வளவு உறுதியாக இருக்கிறோம்" என்று கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். என் பார்வையில் அது பயனற்ற கேள்வி, ஏனென்றால் முதல் மாதத்தில் எல்லோரும் உறுதியாகத்தான் இருப்பார்கள். முழு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் யார் பணம் செலவழிக்கப் போகிறார், யார் ரகசியத்தைத் திறந்து காட்டப் போகிறார், யார் வேறு வாய்ப்பை விடப் போகிறார் என்று கேட்க வேண்டும். அந்த மூன்றையும் கட்டிவிடலாம். சந்தைக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பவற்றைத் தளர்வாக விடலாம்.

நம் இருவருக்கும் எது தெரியாது? மாதம் ஐந்நூறு என்பது ஊகம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து டீலர்களிடம் ஐம்பது செட் கொடுத்துப் பார்க்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஸ்டார்ட்டரின் விலையும் அப்படித்தான். உதிரிபாகம் வாங்கும் அளவைப் பொறுத்து மாறும். லாபத்தை எப்படிப் பிரிப்பது, பெட்டியில் யார் பெயர் பெரிதாக வருவது, நாளைக்கு ஒருவர் மற்றவருக்கு மட்டுமே சப்ளை செய்வதா என்பதெல்லாமும் சோதனை விற்பனைக்குப் பிறகு பேச வேண்டியவை. இவற்றை எழுதாமல் விட வேண்டியதில்லை. எழுதினால்தான் இருவர் மனதிலும் இருப்பது ஒரே கணக்கா என்று தெரியும். ஆனால் "வாங்கும்", "கொடுக்கும்" என்று முடிக்காமல் "வாங்க உத்தேசித்துள்ளது" என்று எழுதி, இந்தப் பத்திகள் இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று எண்ணைக் குறிப்பிட்டே சொல்லிவிட வேண்டும். "பொதுவாக இது கட்டுப்படுத்தாது" என்று கடைசியில் ஒற்றை வரி போட்டால், கட்ட வேண்டியதும் அதோடு அவிழ்ந்துவிடும்.

இப்போது பணம். இரண்டும் ஒரே பெட்டியில் அடங்க, ஸ்டார்ட்டருக்குப் புது பிளாஸ்டிக் கூடு வேண்டும். அதற்கான மோல்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஐந்நூறு என்ற பேச்சை நம்பிச் சின்னவர் கடன் வாங்கி மோல்டு போட்டுவிடுகிறார். நான்கு மாதம் கழித்துப் பெரியவர், "இந்த வருஷம் மழை நல்லா பெஞ்சிடுச்சு, மோட்டாரே ஓடல தம்பி" என்கிறார். அவர் ஏமாற்றவில்லை. ஐந்நூறு என்பது உத்தேசம் என்றுதான் இருவரும் கையெழுத்திட்டார்கள். ஆனால் தளர்வாக விட்ட ஒரு எண்ணின் மேல் கெட்டியான செலவு ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. இத்தகைய குறிப்புகளில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான், கண்டுபிடிப்பதும் எளிது. கட்டுப்படுத்தாத ஒவ்வொரு பத்திக்கும் நேராக, "இதை நம்பி முழு ஒப்பந்தத்துக்கு முன் யாராவது காசு போடப் போகிறாரா?" என்று எழுதிப் பார்த்தால் போதும்.

ஆம் என்று பதில் வந்தால், அளவைக் கட்டாயமாக்கத் தேவையில்லை. பெரியவர் அதற்குச் சம்மதிக்கவும் மாட்டார். செலவை மட்டும் கட்டினால் போதும். மோல்டுக்கு இருவரும் பாதிப் பாதி போடுவது, முழு ஒப்பந்தம் வராவிட்டால் மோல்டு சின்னவருடையது, பெரியவரின் பாதியில் இவ்வளவைத் திருப்பித் தருவது என்று மூன்று வரி. இதைக் கட்டுப்படுத்தும் பத்திகளில் வைக்கலாம். தனியாக ஒரு பர்ச்சேஸ் ஆர்டராகப் போட்டால் இன்னும் நல்லது.

ஏன் தனி ஆர்டர் என்பதற்கு நூறாண்டுப் பழைய ஆங்கிலேய வழக்கு ஒன்று பதில் சொல்கிறது. கார்பன் காகிதத்துக்கான மெல்லிய தாள் விற்பதற்காக, ரோஸ் அண்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க நிறுவனமும் கிராம்ப்டன் முதலான ஆங்கிலேய நிறுவனங்களும் 1913-இல் ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. இது சட்ட ஒப்பந்தமல்ல, எந்த நீதிமன்றத்துக்கும் உட்பட்டதல்ல, கண்ணியத்தை நம்பிச் செய்துகொண்டது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். உறவு முறிந்ததும் வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அந்த ஏற்பாடு கட்டுப்படுத்தாது என்பதை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் முறிவுக்கு முன்பே கொடுத்து, ஒப்புக்கொள்ளப்பட்ட ஆர்டர்கள் தனித்தனி ஒப்பந்தங்கள், அவை கட்டும் என்றும் சொன்னார்கள். மேல்கூரை தளர்வாக இருக்கலாம். அதன் கீழே போடும் ஒவ்வொரு ஆர்டரும் கெட்டியானது. சிறு நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

சோதனைக்குப் போகும் ஐம்பது செட்டையும் அப்படித்தான் ஆர்டராகப் போட வேண்டும். அதில் வாரண்டி என்ற இடத்தில் நிதானிக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடி எரிந்துபோனால், ஸ்டார்ட்டர் நிறுத்தாமல் விட்டதா, காயில் கட்டியது சரியில்லையா என்று விவசாயி வீட்டு வாசலில் நின்று சண்டை போட முடியாது. எதிர்காலத்து ஆயிரக்கணக்கான செட்டுகளுக்கு வாரண்டிச் செலவைப் பகிரும் விகிதம் இன்று யாருக்கும் தெரியாது. அதைத் தளர்வாகவே விடலாம். ஆனால் இந்த ஐம்பதும் காசு கொடுத்தவர் கையில் இருக்கும் சரக்கு. அவற்றுக்கு மட்டும், முதலில் பம்ப் நிறுவனம் மாற்றிக் கொடுப்பது, பிறகு இருவரும் பிரித்துப் பார்த்துக் காரணத்துக்கு ஏற்பப் பணத்தைத் தீர்த்துக்கொள்வது என்று ஆர்டரிலேயே கட்டிவிட வேண்டும். ஒரே விஷயம், ஒரு பாதி கட்டும், மறு பாதி கட்டாது.

அடுத்தது ரகசியம். சின்னவர் சர்க்யூட் படத்தைக் காட்டுவார். பெரியவர் டீலர் பட்டியலைக் காட்டுவார். என் அனுபவத்தில் பின்னதுதான் விலை மதிப்புள்ளது. ஆனால் சர்க்யூட்டுக்குத்தான் பூட்டுப் போடுவார்கள். இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பேச்சு முறிந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கட்ட வேண்டும். "எல்லாத் தகவலும் ரகசியம்" என்று அகலமாக எழுதினால், எதைத்தான் மீறினார் என்று காட்டுவது பின்னால் கடினமாகும்.

வாய்ப்பை விடுவது மூன்றாவது. பேச்சு நடக்கும்போதே பெரியவர் வேறு ஸ்டார்ட்டர்காரரிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தால் சின்னவருக்கு வயிற்றெரிச்சல்தான். ஆகவே தொண்ணூறு நாள் வரை இருவரும் இதே பொருளுக்கு வேறு யாரிடமும் பேச மாட்டோம் என்று கட்டலாம். அந்த நாள் கணக்கு முக்கியம். நல்லெண்ணத்தோடு பேசுவோம் என்ற வெறும் வாக்குறுதியை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது, குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவரிடம் பேசமாட்டோம் என்பதை நிலைநாட்டலாம் என்று இங்கிலாந்தில் 1992-இல் வால்ஃபோர்ட் – மைல்ஸ் வழக்கில் வகுத்தார்கள். உறவு முடிந்த பிறகும் என் போட்டியாளருக்கு விற்கக் கூடாது என்று எழுதுவது நம் ஊரில் பெரும்பாலும் வீண். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழிலைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது.

பேச்சில் பார்ட்னர் என்று சொல்லிக்கொள்வதில் குற்றமில்லை. தாளில் மட்டும், இது 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படியான கூட்டாண்மை அல்ல, ஒருவர் பெயரில் மற்றவர் கடனோ ஆர்டரோ எடுக்க முடியாது என்ற வரியைக் கட்டுப்படுத்தும் பகுதியில் சேர்க்க வேண்டும். கூட்டாண்மையில் ஒருவர் தொழிலுக்காகச் செய்தது மற்றவரையும் கட்டும் என்பதால் இது வெறும் சடங்கல்ல.

இவ்வளவு கவனமாகப் பிரித்து எழுதினாலும் நடத்தை அதைக் குழப்பிவிடும். ஓயோவும், ஸோ ரூம்ஸ் நடத்திய ஸோஸ்டெலும் 2015 நவம்பரில் ஒரு டேர்ம் ஷீட்டில் கையெழுத்திட்டன. சில பத்திகள் தவிர மற்றவை கட்டாது என்று அதில் இருந்தது. தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், பேசிய 7 சதவீதப் பங்குகள் எங்கே என்று ஸோஸ்டெல் கேட்டது. நடுவர் 2021-இல் அந்த ஷீட் கட்டும் என்றார். டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இரண்டு பெரிய கைகள் என்பதால் அத்தனை ஆண்டுகள் வழக்காட முடிந்தது. ஐம்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தச் செலவில் பாதி கூடத் தாங்காது.

ஆகவே குறிப்புக்கு முடிவுத் தேதி வேண்டும். தொண்ணூறாம் நாளைக் கையில் பிடித்தும் இருக்க வேண்டும். தேதி தாண்டியும் சரக்கு போய்க்கொண்டிருந்தால், எந்த விதிப்படி போகிறது என்பதற்குத் தாளில் விடை இருக்காது. நீட்டிப்பதானால் இருவரும் கையெழுத்திட்டு எழுத்தில் நீட்டிக்கலாம். நீட்டிக்காவிட்டால் அன்றோடு புது ஆர்டர் நிற்கும், வாங்கிய படங்களும் பட்டியலும் பதினைந்து நாளில் திரும்பும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்கள் மட்டும் முடியும் வரை ஓடும். வாட்ஸ்அப்பில் "சரிங்க அண்ணா, ஐந்நூறு அனுப்பிடறேன்" என்று சின்னவர் போடுவதும், பெரியவர் கட்டை விரலைக் காட்டுவதும் ஆர்டர் ஆகுமா என்ற கேள்வி எழாதபடி, பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத எந்தச் செய்தியும் ஆர்டர் ஆகாது என்று கட்டுப்படுத்தும் பத்திகளின் முதல் வரியாகவே போட்டுவிடலாம்.