பழைய வேலைக்கு இறந்தகாலம்

ஆங்கிலத்தில் பயோடேட்டா எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, வேலை மாறிய பிறகு பழைய பதிவைத் திருத்தாமல் விடுவதில்தான். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் 2019 முதல் 2023 வரை கணக்காளராக இருந்தவர், இப்போது கோவையில் வேறு வேலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய வேலையின் கீழே ‘பிரிப்பேர்’ என்ற நிகழ்கால வினை அப்படியே நிற்கிறது. மேலேயோ 2023 என்ற முடிவு ஆண்டு. எதை நம்புவது என்று படிப்பவர் குழம்புவார். அங்கே ‘பிரிப்பேர்டு’ என்றுதான் இருக்க வேண்டும்.

நுணுக்கமெல்லாம் இப்போதைய வேலையில்தான். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது தொடரும் பணி, அதற்கு ‘ஃபைல்’. ஆனால் சென்ற ஆண்டே கணக்குகளையெல்லாம் டேலிக்கு மாற்றி முடித்துவிட்டார் என்றால், அந்த ஒரு வரிக்கு ‘மைக்ரேட்டட்’ என்ற இறந்தகாலமே பொருந்தும். தொடரும் பணிகளை மேலேயும் முடிந்தவற்றைக் கீழேயும் வைத்தால் இந்தக் கலப்பு உறுத்தாது. காரணமே இல்லாமல் ஒரு வரியில் ‘ஃபைலிங்’, அடுத்ததில் ‘ஃபைல்ஸ்’ என்று வடிவம் மாறுவதுதான் கண்ணைக் குத்தும். வரிகளின் முதல் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். பிசகு உடனே தெரிந்துவிடும்.