பொருந்தாத வேலைக்கு ஓயாத அழைப்பு

நவுக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் ஆட்சேர்ப்பாளர்கள் திறன், அனுபவம், ஊர் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடுகிறார்கள். சென்னையில் 9 ஆண்டு அனுபவமுள்ள ஜாவா நிரலாளர் ஒருவர், தொடக்கத்தில் 2 ஆண்டு பார்த்த டெஸ்டிங் வேலையைச் சுயவிவரத்தில் விட்டுவைத்திருந்தால், டெஸ்டிங் வேலைகளுக்கும் அவர் பெயர் வந்து விழும். அழைப்பவரிடம் எரிந்து விழுவதில் பயனில்லை. அவர் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

“வேண்டாம்” என்ற ஒற்றைச் சொல் அந்த ஒரு வேலையை மட்டுமே தட்டிக்கழிக்கும். மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்: “நினைவு வைத்து அழைத்ததற்கு நன்றி. டெஸ்டிங், ஒப்பந்த வேலைகளுக்கு இனி என்னை அழைக்க வேண்டாம். சென்னையில் ஜாவா தலைமைப் பொறுப்பு, நிரந்தர வேலை என்றால் மட்டும் எழுதுங்கள். இதை உங்கள் நிறுவனப் பதிவிலும் குறித்துவிடுங்கள்.”

கடைசி வரிதான் முக்கியம். ஒரே கன்சல்டன்சியில் பலர் அழைப்பதால், ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. பதிவில் குறித்தால் எல்லோர் கண்ணிலும் படும். அதோடு சுயவிவரத்தின் திறன் பட்டியலிலிருந்து ‘டெஸ்டிங்’ என்ற சொல்லையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கன்சல்டன்சி அதே வேலையோடு அழைக்கும்.